கரண்ட் போன முகூர்த்தமும் ஒரு போட்டோகிராபரின் பயோவும்

“அண்ணே, நான் தலவாக்கலைப் பக்கம். ஆறு வருடமாகக் கலியாணப் படம் எடுக்கிறேன், சின்னச் சின்ன விழாக்களை ஒழுங்கு பண்ணியும் கொடுக்கிறேன். பேஸ்புக் பக்கத்துக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் பயோ எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. என் ஸ்டைல், அனுபவம், நெருக்கடியிலும் பதறாமல் வேலை செய்வேன் என்பது மூன்றும் தெரிகிற மாதிரி எப்படி எழுதுவது?”

தம்பி, முதலில் அதை யார் வாசிக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். பண்டாரவளையில் பதினேழு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். என்னைத் தேடி வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் மணமக்களிடமிருந்து வருவதில்லை. கொழும்பில் கடையில் நிற்கும் பெண்ணின் அண்ணன், அல்லது கட்டாரில் இருக்கும் மாப்பிள்ளையின் மாமா பேசுவார். காசு கொடுப்பவர் அவர். அவர் இரவில் போனில் நாலைந்து பேரின் பக்கங்களைத் திறந்து பார்த்து, பிடித்த இரண்டைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவார். தோட்டத்தில் இருக்கும் அம்மாவுக்கு யாராவது வாசித்துக் காட்டுவார்கள்.

உங்கள் பயோவுக்கு வருவதற்கு முன்பே அவர்கள் படங்களைப் பார்த்துவிட்டார்கள். படம் பிடிக்காமல் போயிருந்தால் பயோவைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். அப்படியானால் பயோவில் தேடுவது எதை? இந்த ஆளை நம் வீட்டுக்குள் விடலாமா, அன்றைக்கு ஏதாவது பிசகினால் இவர் என்ன செய்வார், நம் முறைகள் இவருக்குத் தெரியுமா. படத்தில் தெரியாத விஷயங்கள் இவைதான். ஸ்டைலைப் படங்களே முக்கால்வாசி சொல்லிவிடும், அனுபவத்தை ஒரு வரியில் முடிக்கலாம். பதறாமை மட்டும் எந்தப் படத்திலும் தெரியாது. அதனால் பயோவில் அதிக இடம் அதற்குத்தான் போக வேண்டும்.

போன வருடம் பொகவந்தலாவையைச் சேர்ந்த ஒரு தம்பி இதே கேள்வியோடு வந்தார். அட்டன் டவுனில் ஒரு அறை எடுத்து வேலை செய்கிறார். அவர் எழுதி வைத்திருந்தது இது: “அழகிய தருணங்களை உயிரோட்டத்துடன் பதிவு செய்யும் ஆர்வமுள்ள கலைஞர்கள் நாங்கள். பல வருட அனுபவம். எந்தச் சூழலிலும் பதற்றமின்றிச் செயல்படுவோம். குறைந்த விலை, நிறைந்த தரம்.” இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பெயரை மாற்றிவிட்டு மட்டக்களப்பில் இருப்பவரும் இதைப் போட்டுக்கொள்ளலாம், பிறந்தநாள் கேக் செய்பவரும்கூடப் போட்டுக்கொள்ளலாம். இதை வாசித்த அண்ணனுக்கு அவரைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. அவருடைய குறிப்பை நாங்கள் எப்படி மாற்றினோம் என்று சொல்கிறேன். உங்களுடையதை நீங்களே செய்துகொள்ள அது உதவும்.

ஸ்டைலைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வேலை கொடுத்தேன். கடைசியாகக் கொடுத்த மூன்று அல்பங்களையும் எடுத்து, குடும்பத்துக்குப் பிடித்ததை விட்டுவிட்டு, தனக்குப் பிடித்த இருபது படங்களை மட்டும் வரிசையாக வைக்கச் சொன்னேன். அப்புறம் இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். பதின்மூன்று படங்களில் யாருமே கமராவைப் பார்க்கவில்லை. எட்டில் வயதானவர்களின் கையோ முகமோ இருந்தது. பெரும்பாலானவை ஜன்னல் வெளிச்சத்திலோ குத்துவிளக்கு வெளிச்சத்திலோ எடுத்தவை. ப்ரீ ஷூட் படம் ஒன்றே ஒன்று. “நீங்கள் கேண்டிட் எடுப்பவரா?” என்று கேட்டால் ஆம் என்றுதான் சொல்வார். ஆனால் இன்றைக்கு எல்லோரும் கேண்டிட்தான், எல்லோரும் சினிமேட்டிக்தான். அந்தச் சொற்களுக்குப் பதிலாக, அவர் கண் எங்கே போகிறது என்பதையே எழுதினோம். தாலி கட்டி முடிந்ததும் எல்லோரும் மணமக்களைப் பார்க்கையில் அவர் பெண்ணின் அப்பாவைத் தேடுகிறார். இது அவருக்கே தெரியாமல் அவருக்கு இருந்த பழக்கம். இருபது படங்களை வரிசையாக வைத்த பிறகுதான் அவரே அதைப் பார்த்தார்.

உங்களுக்கு வேறு மாதிரி வரலாம். தேயிலை மலையைப் பின்னால் வைத்து ஆட்களைச் சின்னதாகக் காட்டும் அகலமான படங்களே உங்கள் இருபதில் நிறைய இருந்தால், அதை எழுதுங்கள். மணப்பெண்ணின் நகை, பட்டு, மாலை எல்லாம் பளிச்சென்று தெரியும்படி நிறுத்தி வைத்து எடுப்பது உங்கள் பலம் என்றால் அதற்கும் வெட்கப்பட வேண்டாம். நம்மூர் அம்மாக்கள் பலர் தேடுவது அதைத்தான்.

அனுபவத்தில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். “ஆறு வருட அனுபவம்” என்று எழுதினால் அடுத்த வருடமே அது பிழையாகிவிடும், யாரும் திரும்பப் போய்த் திருத்துவதுமில்லை. எந்த ஆண்டிலிருந்து என்று எழுதுங்கள். அடுத்தது, உதவியாளராகப் போன கலியாணங்களையும் தனியாகப் பொறுப்பெடுத்த கலியாணங்களையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். நம் மலையகம் சின்னது. பெரிய போட்டோகிராபரோடு இரண்டாவது கமராவாகப் போன கலியாணத்தை உங்கள் கணக்கில் போட்டால், அந்த வீட்டின் சொந்தக்காரர் ஒருவர் அதை வாசிக்கத்தான் போகிறார். பொகவந்தலாவைத் தம்பி 2016இலிருந்து உதவியாளராக இருந்து, 2019இல் தனியாகத் தொடங்கியவர். தனியாக எடுத்தவை 52. அந்தச் சின்ன எண்ணிக்கையே “300க்கும் மேற்பட்ட நிகழ்வுகள்” என்பதைவிட எனக்கு நம்பிக்கை தந்தது, ஏனென்றால் எண்ணிப் பார்க்காத ஆள் 52 என்று எழுத மாட்டார்.

எண்ணிக்கையைவிட இன்னும் பலமானது, எங்கெல்லாம் எடுத்திருக்கிறீர்கள் என்பது. ஹோட்டல் பெயர்ப் பட்டியல் தேவையில்லை. எந்த மாதிரி இடங்கள் என்று சொன்னால் போதும். லயத்து முற்றத்தில் போட்ட பந்தலில் எடுப்பது ஒரு வேலை, டவுன் மண்டபத்தில் எடுப்பது வேறு வேலை. தோட்டத்துக் கோயில் மகாமண்டபம் பத்தடிதான் இருக்கும், ஐயருக்குப் பின்னால் நிற்க இடமே இருக்காது. தேவாலயத்தில் சில குருமார் பீடத்துக்கு அருகில் போக விடமாட்டார்கள், நற்கருணை நேரத்தில் ஃப்ளாஷ் வேண்டாம் என்பார்கள். சிங்களக் குடும்பத்தோடு சம்பந்தம் வைத்த கலியாணத்தில் காலையில் பொருவச் சடங்கும் இருக்கும், சில நாட்கள் கழித்து ஹோம்கமிங்கும் இருக்கும். இவற்றில் எதில் நின்றிருக்கிறீர்களோ அதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். தாய்மாமன் மாலை போடும் நேரம், நலுங்கு வைக்கும் வரிசை, சீர்த்தட்டு வரும் வாசல் இவையெல்லாம் தெரிந்தவர் என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டால் அவர் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்.

இப்போது பதறாமைக்கு வருவோம். கொஞ்சம் நின்று பேச வேண்டிய இடம் இது.

“பதற்றமின்றிச் செயல்படுவோம்” என்ற வரியை எவர் வேண்டுமானாலும் எழுதலாம், பதறுகிறவர் அதை இன்னும் அழுத்தி எழுதுவார். வாசிப்பவர் நம்ப வேண்டுமென்றால் நடந்த ஒரு சம்பவம் வேண்டும். ஒன்றே ஒன்று போதும். அதற்கு மூன்று வரி: என்ன பிசகியது, நீங்கள் என்ன செய்தீர்கள், குடும்பத்துக்குக் கடைசியில் என்ன கிடைத்தது. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் கதை உங்கள் சாமர்த்தியத்தைப் பற்றியதாகிவிடும். அந்த அண்ணனுக்கு உங்கள் சாமர்த்தியத்தில் அக்கறை இல்லை, தங்கச்சியின் தாலி கட்டும் படம் அல்பத்தில் இருக்குமா என்பதே அவர் கவலை.

பொகவந்தலாவைத் தம்பியிடம் சம்பவம் கேட்டபோது “அப்படிப் பெரிதாக ஒன்றும் நடந்ததில்லையே அண்ணே” என்றார். எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். நன்றாகச் சமாளித்தவருக்கு அது சம்பவமாகவே மனதில் நிற்காது. அதனால் கேள்வியை மாற்றினேன். மழை பெய்த கலியாணம் எது, கரண்ட் போனது எப்போது, வழியில் மண் சரிந்து நின்றது எப்போது, முகூர்த்த நேரம் திடீரென்று முன்னால் வந்தது எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அரை மணி நேரத்தில் ஐந்து சம்பவம் வந்தது. அவற்றில் ஒன்று இப்படி.

ஆனி மாதம், நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில். விடிகாலை முகூர்த்தம். வெளியே மழை. கெட்டிமேளத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மேடையில் இரண்டு குத்துவிளக்கும் ஓமத்தீயும் மட்டுமே. சுற்றி நின்றவர்கள் உடனே போன் டோர்ச்சுகளை மணமக்களின் முகத்துக்கு நேரே அடித்தார்கள். அப்படி நேராக அடித்தால் முகம் வெளுத்துப் பின்னால் எல்லாம் கறுத்துவிடும், மணமக்களும் கண்ணைச் சுருக்குவார்கள். இவர் கமராவில் ஃப்ளாஷ் வைத்திருந்தார், ஆனால் அந்தப் புகையில் ஃப்ளாஷ் நேராகப் பட்டால் படம் முழுக்க வெள்ளைத் திரை போட்டது மாதிரி ஆகும். பக்கத்தில் நின்ற இரண்டு தம்பிமாரைக் கூப்பிட்டு, போன் வெளிச்சத்தை முகத்துக்கு அடிக்காமல் மேலே கட்டியிருந்த வெள்ளைத் துணியில் அடிக்கச் சொன்னார். துணியில் பட்டு வெளிச்சம் பரவி மெதுவாகக் கீழே இறங்கியது. 35 எம்எம் லென்ஸை முழுதாகத் திறந்து, ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றி, மூன்று முடிச்சையும் எடுத்தார். ஐயர் ஒரு நிமிடம்கூட நிறுத்தவில்லை. நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போடும் படத்தில் விளக்கின் நிறமே முகத்தில் இருக்கிறது. அதைத்தான் அந்த வீட்டில் பெரிதாக்கி ஹோலில் மாட்டியிருக்கிறார்கள்.

இதை பயோவில் போடும்போது லென்ஸையும் ஐஎஸ்ஓவையும் எடுத்துவிட்டோம். வாசிக்கும் அண்ணனுக்கு அவை ஒன்றும் சொல்லாது. போன் வெளிச்சம், வெள்ளைத் துணி, ஐயர் நிறுத்தவில்லை, மூன்று முடிச்சு ஆகிய நான்கும் யாருக்கும் புரியும். கோயிலின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எடுத்துவிட்டோம். கரண்ட் போனதற்கு யார் காரணம் என்ற பேச்சும் அதில் வரக் கூடாது. ஐயரையோ மண்டபக்காரரையோ வீடியோக்காரரையோ குறை சொல்லித் தான் காப்பாற்றியதாக எழுதும் குறிப்பைக் கண்டால் எனக்கே பயம் வரும்: நாளைக்கு நம் வீட்டைப் பற்றியும் இவர் இப்படித்தான் எழுதுவார் என்று தோன்றும். அந்தக் குடும்பத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது. அவர் கேட்டார், அவர்களுக்குச் சந்தோஷம்.

சம்பவம் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேரில் வரும்போது கட்டாயம் கேட்பார்கள்: “அந்தக் கரண்ட் போன கலியாணம் எங்கே தம்பி?” அப்போது கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

சம்பவத்தோடு இன்னொன்றும் சேர வேண்டும். பதறாமை பாதி குணம், மீதி முதல் நாள் இரவு செய்து வைத்த வேலை. அந்த வேலையில் ஒன்றையோ இரண்டையோ வாசிப்பவர் பார்க்கும்படி எழுதினால், சம்பவம் தற்செயலாக நடந்த அதிர்ஷ்டம் போலத் தெரியாது. எனக்கு இது ஒரு தவறிலிருந்து வந்த பாடம். 2011 ஜனவரி, நுவரெலியாவில் ஒரு காலைக் கலியாணம். அந்த மாதத்தில் விடியற்காலைக் குளிர் உங்களுக்குத் தெரியும், சில நாள் புல்லில் உறைபனிகூட விழும். கமராப் பையை இரவு முழுக்க வேனிலேயே விட்டிருந்தேன். காலையில் அப்படியே எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனேன். உள்ளே முந்நூறு பேரின் மூச்சு, அடுப்படி ஆவி, விளக்குச் சூடு. குளிர்ந்த கண்ணாடியில் அந்த ஈரக் காற்று பட்டதும் லென்ஸ் முழுக்க நீர் படிந்துவிட்டது. துடைக்கத் துடைக்கத் திரும்பப் படிந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் என்னால் ஒரு தெளிவான படம் எடுக்க முடியவில்லை. மாப்பிள்ளை அழைப்பு அந்தப் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் படங்களை யாராலும் திருப்பித் தர முடியாது.

அதற்குப் பிறகு கமராவை வண்டியில் விடுவதில்லை. குளிரிலிருந்து சூட்டுக்குள் போவதாக இருந்தால் பையை நன்றாக மூடியபடியே உள்ளே கொண்டுபோய் வைத்து, அரை மணியாவது கழித்துத்தான் திறப்பேன். பைக்குள் இருக்கும் கமரா மெதுவாகச் சூடேறும், ஈரக் காற்று அதைத் தொடாது. இதற்காகவே முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்விடுகிறேன். என் பயோவில் இருப்பது இவ்வளவுதான்: “முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன் மண்டபத்தில் இருப்பேன்.” தவறிய கதையை அதில் எழுதவில்லை, அதற்கு அது இடமுமில்லை. ஆனால் அந்த வரி அந்தக் காலையிலிருந்து வந்தது. உங்களிடமும் இப்படி ஒரு வரி இருக்கும். நீங்கள் எங்கே ஒருமுறை தவறினீர்கள், அதற்குப் பிறகு என்ன பழக்கம் வந்தது என்று யோசியுங்கள்.

நம்மூரில் பாதையும் இதில் சேரும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை அட்டன், கினிகத்தேனை, மஸ்கெலியாப் பக்கம் கொட்டும். அதே நாட்களில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் வெயிலும் காற்றுமாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை இந்தப் பக்கமும் சேர்ந்துகொள்ளும், பாதைகளில் மண் சரியும். வைகாசி, ஆனி முகூர்த்தங்கள் உங்கள் பக்கம் நல்ல மழையில்தான் விழும் என்பதை உங்களைவிட யார் அறிவார்? கொழும்பிலிருந்து வரும் பெரிய ஸ்டூடியோவுக்கு எதிராக உங்களிடம் இருக்கும் பலம் இதுதான். “தொலைவான தோட்டமென்றால் முதல் நாள் இரவே வந்து தங்கிவிடுவேன்” என்று ஒரு வரி எழுதினால், பாதையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த அம்மா அங்கேயே தீர்மானித்துவிடுவார். செய்ய முடிந்தால் மட்டும் எழுதுங்கள். ட்ரோன் படத்தை உறுதியாகக் கொடுக்காதீர்கள். அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன, அதைவிட முக்கியமாக நம் மூடுபனி யாரிடமும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

படம் தொலையாது என்பதற்கும் ஒரு வரி வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதியும் கமரா உங்களிடம் இருந்தால், “ஒவ்வொரு படமும் இரண்டு கார்டில் பதிவாகும், அன்றிரவே இன்னொரு பிரதி எடுத்துவிடுவேன்” என்று சொல்லலாம். ஒரு கார்டு மட்டும் உள்ள கமரா என்றால் அதன் முதல் பாதியை விட்டுவிடுங்கள், அன்றிரவே பிரதி எடுப்பது மட்டும் இருந்தால் போதும்.

சரி, இவையெல்லாம் சேர்ந்து அவருடைய பேஸ்புக் குறிப்பு கடைசியில் இப்படி வந்தது:

“கலியாண வீட்டில் எல்லோரும் மேடையைப் பார்க்கும்போது என் கண் அம்மாயி மேலும் அப்பா மேலும் இருக்கும். தாலி ஏறிய நிமிடத்தில் அவர்கள் முகத்தில் வருவதை எடுப்பதே எனக்குப் பிடித்த வேலை. முடிந்தவரை ஜன்னல் வெளிச்சத்திலும் விளக்கு வெளிச்சத்திலும் எடுப்பேன்.

பொகவந்தலாவையில் பிறந்தவன், அட்டனில் இருக்கிறேன். 2016இலிருந்து மூன்று வருடம் உதவியாளராக இருந்தேன். 2019 முதல் 52 கலியாணங்களைத் தனியாக எடுத்திருக்கிறேன்: தோட்டத்துக் கோயில், லயத்து முற்றப் பந்தல், டவுன் மண்டபம், தேவாலயம்.

ஒரு ஆனி மாத முகூர்த்தத்தில் கெட்டிமேளத்துக்கு ஐந்து நிமிடம் முன் கரண்ட் போனது. இரண்டு தம்பிமாரிடம் போன் வெளிச்சத்தைப் பந்தலின் வெள்ளைத் துணியில் அடிக்கச் சொல்லி எடுத்தேன். ஐயர் மந்திரத்தை நிறுத்தவில்லை, மூன்று முடிச்சும் அல்பத்தில் இருக்கிறது.

தொலைவான தோட்டமென்றால் முதல் நாளே வந்து தங்கிவிடுவேன். உங்கள் வீட்டுக்கு நானே வருவேன், என்னோடு ஒரு உதவியாளர் இருப்பார்.”

கடைசி வரி எப்படி வந்தது என்றால், எழுதி முடித்ததும் அவர் அதைத் தன் அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா கேட்ட கேள்வி ஒன்றே: “சரி, யாரு வருவாங்க?” பழைய குறிப்பில் “நாங்கள்” என்று இருந்தது. தனியாக வேலை செய்பவர்கள் பெரிதாகத் தெரியட்டும் என்று அப்படி எழுதுகிறார்கள். வாசிப்பவருக்கோ, பேசுவது ஒருவர், வருவது வேறொருவரோ என்ற சந்தேகம் வருகிறது. ஒருவர் என்றால் “நான்” என்றே எழுதுங்கள்.

“குறைந்த விலை” போய்விட்டதைக் கவனித்திருப்பீர்கள். அதை முன்னால் வைத்தால் வரும் முதல் அழைப்பே பேரம் பேசத்தான் வரும். அல்பம் எத்தனை பக்கம், என்லார்ஜ்மென்ட் எத்தனை, தேங்க்யூ கார்ட் எத்தனை என்பதெல்லாம் பெக்கேஜ் விவரத்தில் இருக்கட்டும்.

இன்ஸ்டாகிராமில் 150 எழுத்துக்குறிகள்தான் இடம். தமிழில் அது பார்ப்பதைவிட வேகமாகத் தீர்ந்துவிடும், ஏனென்றால் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். “முகூர்த்தம்” நம் கணக்கில் ஆறு எழுத்து, போனின் கணக்கில் பதினொன்று. அதனால் பேஸ்புக் குறிப்பை வெட்டிச் சுருக்கப் பார்க்காமல், அங்கே புதிதாக எழுத வேண்டும். கதைக்கு இடமில்லை, கதையிலிருந்து வந்த பழக்கத்துக்கு மட்டும் இடம் இருக்கிறது. அவருடையது இது:

“அட்டனிலிருந்து கலியாணப் படங்கள். 2019 முதல்.
தோட்டத்துக் கோயில், மண்டபம், தேவாலயம்.
மழையானாலும் முகூர்த்தத்துக்கு முதல் நாளே வந்துவிடுவேன்.”

இடைவெளியையும் சேர்த்து எண்ணினால் 139. ஒரு சொல் கூட்டலாம், அவ்வளவே. ஸ்டைலை இதில் சொல்லவில்லை, கீழேயே படங்கள் இருப்பதால். வெளிநாட்டிலிருந்து எல்லவுக்கும் நுவரெலியாவுக்கும் கலியாணம் செய்ய வருபவர்களுக்கு ஆங்கிலத்தில் தனியாக எழுதுங்கள், இதை மொழிபெயர்க்காதீர்கள். அவர்களுக்குத் தாய்மாமன் மாலை தெரியாது. மழை வந்தால் எந்த இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது உங்களுக்குத் தெரியும் என்று சொன்னால் அவர்களுக்கு அதுவே பெரிய விஷயம்.

நீங்கள் விழாக்களையும் ஒழுங்கு பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதை இந்தக் குறிப்போடு கலக்க வேண்டாம். தாலி கட்டும் நேரத்தில் கமராவைப் பிடிப்பவரால் சாப்பாட்டுப் பந்தியைப் பார்க்க முடியாது என்பது எந்த அம்மாவுக்கும் தெரியும். இரண்டையும் ஒரே பயோவில் வாசித்தால் இரண்டிலும் சந்தேகம் வரும். ஒழுங்கமைப்புக்குத் தனிப் பக்கம் வையுங்கள், அங்கே சம்பவமும் வேறாக இருக்க வேண்டும். போட்டோகிராபரின் சம்பவம் ஒரு நிமிடத்தைப் பற்றியது, ஒழுங்கு செய்பவரின் சம்பவம் கடிகாரத்தைப் பற்றியது. எங்களோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் எழுதியிருப்பது: “மாப்பிள்ளை வீட்டு பஸ் மண்சரிவில் ஒன்றரை மணி நேரம் நின்றது. முகூர்த்தம் மாறவில்லை. மாப்பிள்ளையையும் பெற்றோரையும் சரிவுக்கு இந்தப் பக்கம் நடந்து வரச் சொல்லி வேனில் ஏற்றினேன். பந்தியைப் பெண் வீட்டாருக்கு முதலில் வைத்தேன். பஸ்ஸில் வந்தவர்களுக்குச் சூடாகச் சோறு இருந்தது.” நேரம், முடிவு, கடைசியில் சோறு. அந்தச் சோற்றுக்காகவே அவரைக் கூப்பிட்டவர்கள் இருக்கிறார்கள்.

பயோவோடு போடும் உங்கள் படத்தில் முகம் தெரியட்டும். கமராவால் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் படம் எல்லோரிடமும் இருக்கிறது. வீட்டுக்குள் வரப்போகிறவரின் முகத்தைத்தானே அவர்கள் பார்க்க விரும்புவார்கள்.

மார்கழியில் முகூர்த்தம் இல்லை, கையில் நேரம் இருக்கும். அந்த இருபது படங்களை எடுத்து வையுங்கள், கரண்ட், மழை, பாதை, நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் உங்களுக்கு நினைவுக்கு வருவதைப் போனில் பேசியே பதிந்து எனக்கு அனுப்புங்கள். தை பிறந்து அழைப்புகள் வரத் தொடங்குவதற்குள் உட்கார்ந்து முடித்துவிடலாம்.